‘பின் ரிஸ்க்’: தமிழில் என்ன சொல்லலாம்?

தேன்மொழி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்கள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் pin risk எனப்படும் ‘பின் ரிஸ்க்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது. காலாவதி நாளில் பங்கு விலை, ஆப்ஷனில் குறித்த ஸ்ட்ரைக் விலையோடு போய் ஒட்டிக்கொள்வதால் வரும் ஆபத்து என்று புரிந்துகொண்டிருக்கிறேன். ‘ஒட்டுவிலை இடர்’ எப்படி?

முருகேசன்:
நல்ல சொல். ஆனால் ஒரு புட்டை, அதாவது பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமையை, விற்று இன்னொன்றை வாங்கி ஸ்பிரெட் போட்டவர்களுக்கு இந்த இடர் கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். விற்ற புட்டுக்கு வாங்கிய புட் காவல். அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று முதல் நாளே தெரியும்.

இக்பால்:
முருகேசன் ஐயா சொல்வது வெள்ளி மாலை 4 மணி வரை சரி. அதற்கப்புறம் இல்லை.

100 டாலர் புட் ஐந்தை விற்று, 95 டாலர் புட் ஐந்தை வாங்கியிருக்கிறார் ஒருவர். பங்குக்கு 1.20 வீதம் 600 டாலர் கைக்கு வந்தது. 5 டாலர் இடைவெளி, புட்டுக்கு 100 வீதம் 500 பங்கு. ஆக நஷ்டம் 1,900-ஐத் தாண்டாது என்பது அவர் கணக்கு. வெள்ளியன்று பங்கு 100.08-இல் முடிகிறது. இரண்டு புட்டும் செல்லாக்காசு என்று திரையை மூடிவிடுகிறார்.

ஆனால் புட்டை வாங்கியவருக்கு நியூயார்க் நேரம் 5.30 வரை அவகாசம் உண்டு. (அவருடைய தரகர் அதற்கு முன்பே வாசலை அடைத்துவிடலாம், அது வேறு.) சந்தை முடிந்த பின் கெட்ட செய்தி வந்து பங்கு 98.40-க்கு இறங்கினால், 98.40 பங்கை 100-க்குத் தள்ளிவிட அவர் உரிமையைப் பயன்படுத்துவார். விற்றவருக்குத் தகவல் வருவதற்குள் அவர் 500 பங்குக்குச் சொந்தக்காரர். 50,000 டாலர் சரக்கு. திங்கள் காலை 93-இல் திறக்கிறது. பங்குக்கு 7 டாலர் வீதம் 3,500 போய், வாங்கிய 600 கழித்தால் 2,900 நஷ்டம்.

முருகேசன்:
அப்போது 95 புட் என்ன ஆயிற்று?

இக்பால்:
அதுவும் அதே மாலையில் செத்துவிட்டது. பங்கு 98.40-இல் இருக்கும்போது 95-க்கு விற்க யார் கேட்பார்கள்? திங்கட்கிழமை வேண்டும் என்றால் கிடைக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு சென்ட் லாபத்தில் முடிந்தாலே, ஆப்ஷன்களைத் தீர்த்துவைக்கும் ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன் தானாகவே நிறைவேற்றிவிடும். ஆனால் வாங்கியவர் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். அதனால் 99.95-இல் முடிந்தாலும் பங்கு நிச்சயம் வரும் என்று சொல்ல முடியாது. ஐந்தில் மூன்று மட்டும் வரலாம். எத்தனை வரும் என்று தெரியாமல் எத்தனை பங்கை முன்கூட்டி விற்று வைப்பது?

செல்வி:
எனக்கும் இது நடந்தது! நான் விற்றது கால் ஆப்ஷன், அதாவது பங்கை வாங்கும் உரிமை; காலாவதிக்கு இன்னும் நாள் இருந்தது. டிவிடெண்டுக்கு உரிமை முடிவதற்கு முந்தைய இரவே ஒருவர் பங்கைக் கேட்டுவிட்டார். டிவிடெண்டையும் நான்தான் கொடுத்தேன். தரகர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இக்பால்:
அக்கா, அதுவும் வாங்கியவர் உரிமையைக் கேட்டு, விற்றவர் மேல் பொறுப்பு வந்து விழும் எதிர்பாராத அசைன்மென்ட்தான், ஆனால் பின் ரிஸ்க் அல்ல. டிவிடெண்ட் தேதியும், கால் ஆப்ஷனில் மிச்சமிருந்த கால மதிப்பும் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். டிவிடெண்டைவிட அந்த மதிப்பு குறைவென்றால் கேட்பார்கள் என்று கணிக்கலாம். இங்கே கணிக்க ஒன்றும் இல்லை.

தேன்மொழி:
அப்படியானால் ‘ஒட்டுவிலை’ காரணத்தைத்தான் சொல்கிறது. வலி, தெரியாமல் இருப்பதில் இருக்கிறது.

இக்பால்:
அதனால் ‘காலாவதி இழுபறி’ என்று பார்க்கிறேன். தேர்தல் முடிவு இழுபறி என்றால் எல்லோருக்கும் புரிகிறதே.

முருகேசன்:
இழுபறியில் இரண்டு பேர் இழுக்க வேண்டும். இங்கே விற்றவர் இழுக்கவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிவு முழுக்க வாங்கியவர் கையில். எனக்கு ஒட்டவில்லை.

செல்வி:
அசைன்மென்ட்டுக்கு நம்மிடம் சொல் இருக்கிறதே. தலையில் கட்டுவது!

தேன்மொழி:
பேச்சுக்குச் சரி அக்கா, தலைப்பில் போட முடியாது. ‘பொறுப்புச்சாட்டு’ யோசித்தேன், குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கிறது. இப்போதைக்கு அசைன்மென்ட் என்றே விடுகிறேன். இக்பால், தப்பிக்கும் வழியையும் எழுத வேண்டும். 4 மணிக்கு முன் இரண்டையும் முடித்துவிடுவது மட்டும்தானா?

இக்பால்:
விற்ற புட்டை மட்டும் திரும்ப வாங்கினாலே போதும். மூன்றரை மணிக்கு அது பங்குக்கு 25 சென்ட் என்றால் ஐந்துக்கும் 125 டாலர். அதைக் கொடுக்க மனம் வராமல்தான் பலரும் மாட்டுகிறார்கள். ரொக்கத்தில் தீரும் குறியீட்டு ஆப்ஷன் என்றால் பங்கு வந்து விழாது; இழுபறி என்ற பேச்சே எழாது.

முருகேசன்:
அப்போது அந்த ஐந்தில் மூன்று மட்டும் வந்தால், அதற்கும் ஒரு சொல் வேண்டுமே?