புதுப்பிப்பு: கேரட் அல்வா அடர் நிறத்துக்கு வந்துவிட்டது

கேட்டது: “பாலில் வேகவைத்தும் கேரட் அல்வா வெளிறிய ஆரஞ்சாகவே நிற்கிறது. அடர் நிறம் எப்படி வரும்?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, சர்க்கரையைத் தள்ளிப்போடச் சொன்ன அக்காவின் யோசனை. ஒரு கிலோ துருவலுக்கு ஒரு லிட்டர் கொழுப்புள்ள பால், அடிகனமான அகல வாணலி, சிறு தீ. ஓரத்தில் ஒட்டும் ஏட்டை வழித்து வழித்து உள்ளே தள்ளினேன். கரண்டியால் ஒதுக்கினால் அடியில் ஈரம் தெரியாத பிறகுதான் 250 கிராம் சர்க்கரை. அது மறுபடி நீர் விடும். அதுவும் சுண்டியதும் நெய் ஊற்றிக் கிளறக் கிளற, செங்கல் நிறத்துக்கு இறங்கியது.

முதலிலேயே நெய்யில் வதக்கச் சொன்னவர் பாதி சரி. பச்சை வாசனை போனது, நிறம் பெரிதாக மாறவில்லை. பீட்ரூட் சேர்க்கச் சொன்னவருக்கு: நான் தேடியது கேரட்டின் சொந்த நிறம்.

எதிர்பாராதது கோவா. பால் இல்லாமல் துருவலை வேகவைத்து, கடைசியில் 200 கிராம் கோவா உதிர்த்தேன். சீக்கிரம் முடிந்தது, ருசியும் கனம். ஆனால் வெள்ளைத் துணுக்குகள் கலந்து நிறம் வெளிறியே நின்றது. பால் கேரட்டோடு சேர்ந்தே வற்றிப் பழுப்பேறுகிறது, கோவாவுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அப்புறம், கோவாவைத் தனியே சிவக்க வறுத்துச் சேர்த்தால் மாறுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.