பைனரி எண்ணோடு 1 கூட்டும் டூரிங் மெஷின்: உங்கள் அனுபவம் என்ன?

ஆட்டோமேட்டா மாணவி:
போன வாரம் இந்த மெஷினை வடிவமைத்து, டேப்பைப் பேப்பரில் வரைந்து ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது: கேரியை மெஷின் எங்கேயும் தனியாக எழுதி வைப்பதில்லை. q1 ஸ்டேட்டில் இருக்கிறது என்றாலே கையில் ஒரு 1 மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹெட் இடது ஓர இலக்கத்தில் தொடங்கும். q0 எதையும் மாற்றாமல் வலப்பக்கம் போகும். வெற்றுக் கட்டம் வந்ததும் ஒரு கட்டம் பின்னால் வந்து q1-க்கு மாறும். q2 வந்தால் மெஷின் நின்றுவிடும். கீழே 1/0,L என்றால் 1-ஐப் படித்து, 0 எழுதி, இடப்பக்கம் நகர்வது; R வலப்பக்கம், S அதே கட்டம், _ வெற்றுக் கட்டம்.

```
q0:  0/0,R   1/1,R   _/_,L → q1
q1:  1/0,L   0/1,S → q2   _/1,S → q2
```

1011-ஐக் கொடுத்தேன், அதாவது 11. கடைசி 1-க்கு வந்து சேரவே ஐந்து படிகள். அதற்கப்புறம் நடந்தது இது (ஹெட் இருக்கும் கட்டம் அடைப்புக்குறிக்குள்):

```
101[1]_   q1
10[1]0_   q1
1[0]00_   q1
1[1]00_   q2
```

எட்டாவது படியில் நின்றது. டேப்பில் 1100, அதாவது 12. நீங்கள் செய்தபோது எங்கே சிக்கல் வந்தது?

சொந்தமாகப் படிப்பவர்:
எனக்கு இவ்வளவு வேலையே இருக்கவில்லை. டேப்பில் 111 இருந்தது, கடைசியில் இன்னொரு 1 எழுதினேன், 1111 ஆனது. q1 எதற்கு?

ஆட்டோமேட்டா மாணவி:
நீங்கள் செய்தது கோடு போட்டு எண்ணும் முறைக்கான மெஷின். அதில் 111 என்றால் 3, 1111 என்றால் 4, சரிதான். பைனரியில் 111 என்பது 7, 1111 என்பது 15. நமக்கு வர வேண்டியது 1000.

பாடம் நடத்துபவர்:
அந்த 111-ஐத்தான் நான் எப்போதும் முதலில் கொடுத்துப் பார்ப்பேன். 1011 சரியாக வந்துவிட்டால் மெஷின் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். q1-ல் வெற்றுக் கட்டத்துக்கு விதி எழுதாமல் விட்டிருந்தால், 111 கொடுத்ததும் 000 ஆகி அங்கேயே நின்றுவிடும். இது பார்த்தவுடனே தெரிகிற தவறு.

தெரியாமல் தப்பிக்கிற தவறு வேறு. சில பாடத்திட்டங்களில் டேப்புக்கு இடது ஓரம் உண்டு. அந்த ஓரத்தில் இருந்துகொண்டு L என்றால் ஹெட் நகராமல் அதே கட்டத்தில் நிற்கும். மாணவியின் விதிகளை அப்படியே அந்த டேப்பில் ஓட்டுங்கள். மூன்று 1-களும் 0 ஆனபின் ஹெட் இடது ஓரத்திலேயே நிற்கிறது. இப்போதுதான் தானே எழுதிய 0-வை q1 மறுபடி படிக்கிறது, அதை 1 ஆக்கிவிட்டு நின்றுவிடுகிறது. விடை 100. 7-உடன் ஒன்றைக் கூட்டினால் 4! மெஷின் ஒழுங்காக q2-ல் நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி: முதல் கட்டத்தில் `$` வைத்து, ஹெட்டை அடுத்த கட்டத்தில் தொடங்க வேண்டும். q1 `$`-ஐத் தொட்டால் எண் முழுக்க 0 ஆகிவிட்டது என்று பொருள். அதனால் எல்லா இலக்கங்களையும் தூக்கி நகர்த்தத் தேவையில்லை. `$`-க்கு அடுத்த 0-வை 1 ஆக்கிவிட்டு, வலப்பக்கம் போய் முதல் வெற்றுக் கட்டத்தில் ஒரு 0 எழுதினால் போதும். `$000` முதலில் `$100` ஆகும், பிறகு `$1000`. கூடுதலாக இரண்டு ஸ்டேட்கள்தான் செலவு.

புரோகிராமர்:
நான் எண்ணைத் திருப்பி எழுதிவிடுவேன், ஒன்றாம் இலக்கம் இடது ஓரத்தில். கேரி வலப்பக்கம் போகும், அங்கே டேப்புக்கு முடிவே இல்லை. q0-வும் வேண்டாம், `$`-ம் வேண்டாம். ஒன்று மட்டும்: எந்த முறையானாலும் வேலை முடிந்ததும் ஹெட்டைத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அதே டேப்பில் மறுபடி கூட்ட முடியாது.

பாடம் நடத்துபவர்:
உங்கள் முறைக்கு அது உண்மை. நடுவில் நின்ற ஹெட் அங்கிருந்தே கூட்ட ஆரம்பித்துவிடும். மாணவியின் மெஷினுக்கு அது தேவையில்லை. `1[1]00`-ல் நின்ற இடத்திலிருந்தே q0-வை ஓட்டினால், அது எப்படியும் வலது ஓரத்துக்குப் போய்த்தான் திரும்பும். ஐந்து படிகளில் 1101 வந்துவிடும். q2-க்குப் பதிலாக q0-க்கே திருப்பி விட்டால், நிற்காமல் எண்ணிக்கொண்டே போகும் மெஷின் தயார்.

புரோகிராமர்:
அட, அதை யோசிக்கவில்லை. ஆனால் `$` விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கொடுத்த எண்ணில் `$` கிடையாது, அதை யார் எழுதுவது? மெஷினே எழுத வேண்டுமென்றால், முதலில் எல்லா இலக்கங்களையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ள வேண்டுமே. தவிர்க்கிறோம் என்று சொன்ன வேலை திரும்ப வந்துவிடுகிறது.

ஆட்டோமேட்டா மாணவி:
எங்கள் கேள்வித்தாளில் `$` கொடுத்தே தருகிறார்கள். கொடுக்காவிட்டால், தள்ளுவதற்கு எத்தனை ஸ்டேட் ஆகும் என்று இன்று இரவு வரைந்து பார்க்கிறேன்.