8 ஜிபி ஒருங்கிணைந்த நினைவக மடிக்கணினியில் விண்டோஸ் விளையாட்டு: எவ்வளவு வேகம் எதிர்பார்க்கலாம்?

வணக்கம். எம்2 சில்லும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட, மின்விசிறி இல்லாத மடிக்கணினியில், டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டு ஒன்றை கிராஸ்ஓவர் வழியாக டி3டிமெட்டல் தேர்வுடன் இயக்குகிறேன்.

திரையின் முழுத் தெளிவான 2560×1664-இல் நொடிக்கு 20 பிரேம்களைத் தாண்டாத விளையாட்டு, 1440×900-க்குக் குறைத்ததும் 40-ஐத் தொடுகிறது; வரைய வேண்டிய புள்ளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவதால் இது எதிர்பார்த்ததே. ஆனால் கூட்டம் மிகுந்த தெருக்களில் தெளிவை எவ்வளவு குறைத்தாலும் 28-க்கு மேல் ஏறுவதில்லை. ரொசெட்டா மொழிபெயர்க்கும் செயலிக் குறிமுறையே அங்கு தடை என்று கருதி, கூட்ட அடர்த்தியைக் குறைத்தேன். ஓரளவு பலன் கிடைத்தது.

திணறல்தான் பெரும் சிக்கல். புதிய இடத்தில் நுழையும்போது வரும் திணறல் ஷேடர் தொகுப்பால் வருவதென்றால், மறுமுறை அதே இடத்தில் பெரும்பாலும் மறைய வேண்டும். இங்கோ அது திரும்பத் திரும்ப வருகிறது. அப்போது ஆக்டிவிட்டி மானிட்டரில் நினைவக அழுத்தம் மஞ்சளாகி, ஸ்வாப் கூடுகிறது. செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே 8 ஜிபியைப் பங்கிடுவதால், டெக்ஸ்சர் தரத்தை நடுத்தரத்துக்கு இறக்கி உலாவியையும் மூடினேன். திணறல் குறைந்தது, நிற்கவில்லை.

இத்தகைய கணினி வைத்திருப்போர் இரண்டு ஐயங்களைத் தீர்க்க வேண்டுகிறேன். 16 ஜிபி இருந்தால் இத்திணறல் முழுதும் நீங்குகிறதா? வெப்பத்தால் பின்னர் வேகம் சரியாதிருக்க, பிரேம் விகிதத்தை 30-இல் நிறுத்துவது உதவுகிறதா?