புதுப்பிப்பு: டொராண்டோ போவதை நண்பனிடம் சொல்லிவிட்டேன்

முன்பு கேட்டது: "கனடாவில் நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வந்துவிட்டது, சீக்கிரம் கிளம்புகிறேன். பள்ளியிலிருந்து கூடவே இருக்கும் நண்பனிடம் இதையும், நட்பு விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தையும் எப்படிச் சொல்வது?"

வண்டியூர் தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து கிளம்பும் தேதியை முதலில் சொன்னேன், உடனே பயத்தையும் சொன்னேன். செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பேசாமலே இருந்தான். அப்புறம், "மாப்ள, எனக்கும் அதே பயந்தான். போன்ல 'அப்புறம், வேற என்ன'ன்னு இழுக்கிற மாதிரி ஆகிறக் கூடாது" என்றான்.

தினமும் வீடியோ காலில் பேசுங்கள் என்றார் ஒருவர். விடாமல் பேசணும் என்பது சரி, ஆனால் தினமும் என்றால் எங்களுக்கு அது கடமையாகிவிடும். கனடாவிலேயே இருக்கும் அண்ணன் சொன்னதுதான் உதவியது: "சும்மா இருக்கும்போது கூப்பிடுறேன்னு விடாதே, கிழமையும் நேரமும் குறி." ஞாயிறு காலை 8 மணி என்று முடிவு செய்தோம். அங்கே சனி இரவு 10.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 9.30. இங்கே மாறாது, அதனால் கணக்கு என் பொறுப்பு. நடுவில் டீக்கடையில் நடந்ததைக் குரல் பதிவாக அனுப்புகிறேன் என்றான், பதில் போட அவசரமில்லை.



தையில் அவனுக்குக் கல்யாணம். புது வேலையில் அதற்குள் லீவு கிடைக்குமா தெரியவில்லை. வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க மனசு வரவில்லை, அவனும் கேட்கவில்லை.