தாருக்கு அடக்கவிலை: முட்டுக் கம்பை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

வணக்கம். தொட்டியம் பக்கம் ஒரு ஏக்கரில் பூவன் வாழை போட்டிருக்கிறேன். 1000 கன்று நட்டதில் வெட்டுக்கு வந்தது 850 தார். மற்றவை காற்றில் சாய்ந்தும் வாடல் நோயிலும் போய்விட்டன. அதனால் செலவை 850ஆல்தான் வகுக்கிறேன்.

நடவுக் கூலியோடு கன்றுச் செலவு மொத்தம் 12,000 ரூபாய். தொழுவுரமும் மேலுரமும் 38,000. களை, மண் அணைப்பு, பக்கக்கன்று வெட்டு எல்லாம் சேர்த்துக் கூலி 45,000. வெட்டி, சுமந்து, மண்டி வரை வண்டி ஏற்ற தாருக்கு 15.

குழப்பம் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பில்தான். வாங்கிய விலை 36,000. முழுவதையும் இந்தப் போகத்திலேயே எழுதினால் தாருக்கு 169 ரூபாய் ஆகிறது. மூன்று போகத்துக்குப் பிரித்தால் 141. வியாபாரி 150க்குக் கேட்கிறார், ஒரு கணக்கில் நஷ்டம், இன்னொன்றில் லாபம்!

கம்பை உருவிப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த அரை அடி இப்போதே கறுத்து, நகம் வைத்தால் பிய்கிறது. அந்த நுனியை அறுத்துவிட்டால் மறுதாம்புக்கு உயரம் போதுமா? உங்கள் தோட்டத்தில் சவுக்கு எத்தனை போகம் தாங்குகிறது? அடியில் தார் எண்ணெய் பூசியவர்கள் இருந்தால், அதற்கான செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், மறுதாம்பு விடுபவர்கள் கன்றுச் செலவையும் பிரித்துத்தான் எழுதுகிறீர்களா?