சங்கிலி யாருக்காக அடகு போனது?

மன்னார்குடிப் பக்கத்து மருமகள்:
ஜூன் மாதம் குறுவைச் செலவுக்காக என் ஐந்து பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தோம். நெல் போட்டுப் பணம் வந்ததும் மீட்டுத் தருவதாகக் கணவர் சொன்னார். இப்போது கேட்டால், என் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சீர் செய்வதற்காக நான்தான் வற்புறுத்தி வைக்கச் சொன்னேன் என்கிறார். அவர் அதையே பலமுறை சொல்லக் கேட்டபின், நான் அப்படிச் சொன்னதுபோல எனக்கே தோன்றுகிறது. என் நினைவு கெட்டுவிட்டதா, அல்லது ஒருவரைத் தம் நினைவையே சந்தேகிக்க வைப்பதைக் கேஸ்லைட்டிங் என்கிறார்களே, அது இதுதானா?

குடமுருட்டியான்:
சகோதரி, பெயர் சூட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம். கார்கள் மோதும் காட்சியைச் சிலருக்குக் காட்டி, 'மோதியபோது என்ன வேகம்' என்று ஒரு குழுவையும், 'நொறுங்கியபோது என்ன வேகம்' என்று இன்னொரு குழுவையும் கேட்ட ஆய்வு ஒன்று 1974இல் வெளிவந்தது. ஒரு வாரம் கழித்து விசாரித்தபோது, காட்சியில் இல்லவே இல்லாத கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது குழுவில்தான் அதிகம். எங்கள் மகளுக்குக் காது குத்தியது சுவாமிமலையில் என்று இருபது ஆண்டுகள் நான் சாதித்து வந்தேன். பழைய புகைப்படம் ஒன்று கிடைத்த பிறகுதான் அது வைத்தீஸ்வரன்கோயில் என்று தெரிந்தது. நான் பொய் சொல்லவில்லை, என் நினைவு பொய் சொன்னது. உங்கள் கணவரும் அப்படி இருக்கலாம் அல்லவா?

பழைய தாசில் எழுத்தர்:
அம்மா, மறதி என்றால் முதலில் தைராய்டும் பி12 சத்தும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். என் துணைவியார் அடுப்பை அணைத்தாரா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். மருந்து எடுத்துக்கொண்ட பிறகு பரவாயில்லை. வல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, பரிசோதனை செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அவர் பால் காய்ச்சியதை மறந்ததாகவோ சாவியைத் தொலைத்ததாகவோ எழுதவில்லை, ஒருவர் மறுத்துப் பேசிய செய்திகளில் மட்டுமே தடுமாறுகிறார். உடல் காரணமான மறதி இப்படி ஆள் பார்த்து வருவதில்லை.

குடும்ப ஆலோசனைப் பணியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் அடுப்பைப் பற்றிச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர், கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பைக் காட்டி, அதை அணைத்தோமா என்று சிலரைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தார்கள். கடைசியாகச் சரிபார்த்ததை அவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவின் தெளிவும், அதன்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் வெகுவாகக் குறைந்திருந்தன. எங்களிடம் வரும் பெண்கள் பலரிடம் நான் காண்பதும் இதுவே. நடந்ததைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அதை மனத்தில் எடுத்து எடுத்துப் பார்த்ததில் அது மங்கிவிட்டது, மங்கலாக இருப்பதால் தாம்தான் தவறு என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

குடமுருட்டியாருக்கு ஒரு கேள்வி. புகைப்படம் கிடைத்தபோது மனைவியிடம் என்ன சொன்னீர்கள்?

குடமுருட்டியான்:
சிரித்துவிட்டு, தோற்றதற்காக அசோகா வாங்கிக் கொடுத்தேன்.

வெண்ணாற்றங்கரை:
நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். மறந்தவர் சான்றைக் கண்டால் வியப்பார், வெட்கப்படுவார், சில வேளை கோபித்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொள்வார். மற்றவர், சான்றை விட்டுவிட்டு உங்கள் புத்தியைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இன்னொன்று, மறதி இரு பக்கமும் சாயும். தமக்கு நட்டமான செய்தியையும் ஒருவர் மறப்பார். தவறுகள் எல்லாம் ஒரே ஆளுக்குச் சாதகமாகவே விழுந்தால் அது யோசிக்க வேண்டியது.

சகோதரி, அவரிடம் மீண்டும் கேட்பதற்கு முன், அடகு வைத்த நாளைப் பற்றி நீங்களே கண்டதையும் கேட்டதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறர் பிற்பாடு சொல்லித் தெரிந்ததை வேறொரு தாளில் எழுதுங்கள். அதன் பிறகு அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

நாகைக் கடலோரத்தான்:
ஆண்களுக்கும் இது நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நான் அனுப்பிய பணம் வரவே இல்லை என்று என் மனைவி தம் வீட்டாரிடம் சொல்வார். இப்போது எல்லாப் பேச்சையும் கைபேசியில் பதிவு செய்கிறேன். மணவாழ்க்கை வழக்குகளில் அத்தகைய பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீங்களும் பதிவு செய்யுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஆண்களுக்கும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் ஏற்பது வேறு, ஒரே கூரையின் கீழ் அந்தப் பதிவு பிடிபடுவது வேறு. கைபேசியைப் பிடுங்கும் வழக்கம் உள்ள வீட்டில் இந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். கை ஓங்கும் நிலை என்றால் 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையத்தை அழைக்கலாம்.

மன்னார்குடிப் பக்கத்து மருமகள்:
எழுதிப் பார்த்தேன். வங்கியில் சங்கிலியை எடை போடுமுன், கொக்கியில் சுற்றியிருந்த சிவப்பு நூலை மதிப்பீட்டாளர் அவிழ்த்துத் தரச் சொன்னார். அதை நான் நகத்தால் அவிழ்த்தேன். அந்த நூல் இன்னமும் என் குங்குமச் சிமிழில் இருக்கிறது. கணவர் என் பக்கத்தில் நின்று, சிட்டாவையும் அடங்கலையும் கொடுத்தார். இவை என் தாளில் இருக்கின்றன. 'தம்பிக்காக வை' என்று நான் சொன்ன காட்சியை எழுத முயன்றபோது, எந்த இடத்தில் நின்று சொன்னேன், என்ன வேளை என்று ஒன்றும் வரவில்லை. மாமியார் குரலில் அந்தச் சொற்கள் மட்டும் கேட்டன. அது இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. சீட்டில் ஜூன் 14 என்று தேதி இருக்கிறது, விவசாய நகைக்கடன் என்றும் இருக்கிறது.

குடமுருட்டியான்:
மறுபடியும் நான்தான் குறுக்கே வருகிறேன். டெல்டாவில் கல்யாணச் செலவுக்கும் விவசாய நகைக்கடன்தான் வாங்குகிறார்கள், வட்டி குறைவு என்பதால். சிட்டா, அடங்கல் கொடுத்ததனால் பணம் வயலுக்குப் போனது என்று ஆகாது.

வெண்ணாற்றங்கரை:
நியாயமான ஐயம். கடனின் பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். தம்பி வீட்டு விழா எப்போது முடிவானது?

மன்னார்குடிப் பக்கத்து மருமகள்:
விழா ஆவணியில் நடந்தது. நாள் குறித்த செய்தியைத் தம்பி ஆடிப்பெருக்கன்று வந்துதான் சொன்னான். அன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அப்போது அடகு வைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் ஜூன் மாதமே பணம் இரண்டு தவணையாக எடுக்கப்பட்டிருக்கிறது. உழவுக்கும் நடவுக்கும் கூலி கொடுத்த நாட்கள் அவை.

நேற்று மாலை சீட்டை அவர் முன்னால் வைத்து, "தேதி இப்படி இருக்கிறதே" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "பீரோவைக் குடைவதுதான் உனக்கு வேலையா? உனக்கு மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்" என்றார். தேதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

குடமுருட்டியான்:
அதை ஒப்புக்கொள்கிறேன், இது என் காதுகுத்துக் கதை அல்ல. ஆனாலும், பணத்தைத் திருப்ப முடியாத அவமானத்தில் ஒருவர் இப்படிச் சீறலாம். தம் கதையைத் தாமே நம்பியும் இருக்கலாம். திட்டமிட்டுச் செய்கிறார் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

வெண்ணாற்றங்கரை:
அவர் மனத்தில் இருப்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. அறிந்தே செய்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும் என்று எங்கள் துறையில் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சகோதரி, சீட்டின் நகலையும் அந்த இரண்டு தாள்களையும் அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள். கடன் யார் பெயரில் இருக்கிறது?

மன்னார்குடிப் பக்கத்து மருமகள்:
என் பெயரில்தான். கையெழுத்தும் என்னுடையதே. திங்கட்கிழமை தம்பியோடு வங்கிக்குப் போய், எவ்வளவு கட்டினால் மீட்கலாம் என்று கேட்கப் போகிறேன்.