சாரதி சொன்னதும் ரன்னிங் சாட்டில் இருந்ததும்: களத்தில் ஊழியரிடம் கேட்ட அனுபவங்கள்

உவர்மலை வாசி:

திருகோணமலையில் ஒரு பொது நிறுவனத்தின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். வாகன எரிபொருளைப் பார்ப்பதற்காகக் கிளை அலுவலகம் ஒன்றுக்குப் போனபோது, சாரதியிடம் கேட்ட ஒரு கேள்வி எங்களை எங்கே கொண்டுபோனது என்பதை எழுதுகிறேன். இது போன்ற அனுபவம் உள்ளவர்களும் எழுதினால் பயனாக இருக்கும்.

வாகனம் எங்கே, எவ்வளவு தூரம் ஓடியது என்று நாளாந்தம் பதியும் தாள்தான் ரன்னிங் சாட். வழக்கமாக நாங்கள் கேட்பது "ரன்னிங் சாட் ஒவ்வொரு நாளும் எழுதுகிறீர்களா, பயணம் செய்த அதிகாரி கையொப்பம் வைக்கிறாரா" என்பதுதான். இரண்டுக்கும் "ஓம் சேர்" என்ற பதில் வரும், வேலைத்தாளில் சரி அடையாளம் விழும். இம்முறை நான் சாட்டைக் கையில் எடுக்காமல், "காலமை திறப்பை எடுக்கிறதில இருந்து பின்னேரம் வாகனத்தை விடுற மட்டும் ஒரு நாள் எப்படிப் போகும் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்று மட்டும் கேட்டுவிட்டு இருந்தேன். அவர் குச்சவெளிப் பக்கத்து வேலைத்தளத்தைப் பற்றியும், மழைக் காலத்தில் உட்பாதை கிடக்கும் கோலத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்து, இடையில் "மீட்டர் ஓடாத நாளிலயும் நான் தூரத்தைப் பிழைவிடாமல் சொல்லுவன்" என்றார். யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்டேன். சாட்டை எழுதுவது அலுவலகத்தில் இருக்கும் முகாமைத்துவ உதவியாளர் என்றும், வெள்ளிக்கிழமைகளில் தான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார் என்றும் விளக்கினார். மீட்டர் பழுது என்பது எங்கள் கேள்விப் பட்டியலில் எங்குமே இருக்கவில்லை.

அதன் பிறகுதான் ஆவணங்களுக்குப் போனோம். திருத்தக் கோப்பில் வேகமானி மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இருந்தது. ஆகவே மீட்டர் பழுது என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்திய வாரங்களின் சாட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் தொடக்க வாசிப்பும் முடிவு வாசிப்பும் ஓர் இலக்கமும் விடுபடாமல் எழுதப்பட்டிருந்தன. அந்த மாதத்தின் மொத்த ஓட்டம் 1,260 கிலோமீட்டர், அடித்த டீசல் 140 லீற்றர். லீற்றருக்குச் சரியாக 9 கிலோமீட்டர் வருகிறது, அந்த வாகனத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவும் அதுதான். வாரம் வாரமாகப் பிரித்துப் பார்த்தாலும் 9 தான் வந்தது. நெரிசலிலும் உட்பாதையிலும் மாறி மாறி ஓடும் ஒரு டபிள் கப் அப்படி ஓடாது. டீசல் சிட்டையை வைத்துக்கொண்டு தூரத்தைப் பின்னோக்கிக் கணித்தால்தான் அப்படி வரும்.

வாயிற்காவலரின் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது, குச்சவெளிக்குப் போனதாகச் சாட் சொல்லும் மூன்று நாட்களில் வாகனம் வாயிலைக் கடந்ததாகவே பதிவு இல்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு அறிக்கை எழுதியிருந்தால் ஓர் அப்பாவி அகப்பட்டிருப்பார். சாரதியிடம் திரும்பப் போய், அந்த நாட்களைச் சொல்லாமல், இரவில் வாகனம் எங்கே நிற்கும் என்று கேட்டோம். வேலைத்தளத்துக்கு விடியவே போகவேண்டிய நாட்களில் அதிகாரியின் விடுதியில் நிற்கும், அங்கிருந்தே புறப்படுவோம் என்றார். விடுதியில் நிறுத்துவதற்கான அனுமதிக் கடிதம் கோப்பில் இருந்தது. வேலைத்தள நாட்குறிப்பில் மூன்று நாட்களில் இரண்டுக்கு அந்த அதிகாரி வந்து போன குறிப்பு இருந்தது. மூன்றாவது நாளுக்கு எதுவும் இல்லை. போய்வரச் சாட்டில் போட்ட தூரம் 72 கிலோமீட்டர், 8 லீற்றர் டீசல். அது இன்னும் திறந்தே கிடக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. ஊழியர் சொல்வதை அந்த இடத்திலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கிவிட்டால் அதுவே சான்று, பின்னர் அவர் மறுக்க முடியாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்காய்வு அத்தியட்சகர்:

எழுதி வாசித்துக் காட்டுவது நல்ல பழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அந்தக் கையொப்பம் அவர் அப்படிச் சொன்னார் என்பதை மட்டுமே நிறுவும், சொன்னது நடந்தது என்பதை நிறுவாது. விசாரித்து அறிவது மட்டும் போதிய சான்றாகாது என்ற நிலைப்பாடுதான் கணக்காய்வு நியமம் 500 இலும் இருக்கிறது.

உவர்மலைத் தம்பி எழுதியதில் எனக்குப் பெரிதாகப் படுவது, எந்த ஆவணம் யாருடைய கையால் வந்தது என்று அவர் பிரித்துப் பார்த்ததுதான். சாரதி சொல்ல உதவியாளர் எழுதிய சாட்டை எடுத்து, சாரதியின் பேச்சைச் சரிபார்க்க முடியாது, இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. காவலரின் பதிவேடு, வேலைத்தள நாட்குறிப்பு, எரிபொருள் நிலையத்தில் கிடக்கும் சிட்டைப் பிரதி ஆகியவைதான் வேறு கைகள். நான் சேவையில் இருந்தபோது நிலையத்தின் பிரதியில் எரிபொருள் அளவு வேறாகவும் அலுவலகப் பிரதியில் வேறாகவும் இருந்ததைக் கண்டிருக்கிறேன், ஆகவே அதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அரச வாகனமானால் நிதிப் பிரமாணம் 1646 இன்படி நாளாந்த சாட்டும் மாதச் சுருக்கமும் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குப் போகவேண்டும். பொது நிர்வாகச் சுற்றறிக்கை 30/2016 இன்படி 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 25,000 கிலோமீட்டர் ஓடியதும், அல்லது இயந்திரத்தில் பெரிய திருத்தம் செய்ததும் எரிபொருள் பாவனையைச் சோதிக்க வேண்டும். அந்த 9 கிலோமீட்டர் எப்போது சோதித்து வந்தது? மீட்டர் பழுதாக இருந்த காலத்தில் சோதனை நடந்ததாகச் சான்றிதழ் இருந்தால், சான்றிதழையும் சேர்த்தே கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

உவர்மலை வாசி:

நன்றி ஐயா. சோதனை மீட்டர் பழுதாவதற்கு முன்னர் நடந்ததுதான், ஆனால் 12 மாதம் கடந்துவிட்டது. நிலையத்தின் பிரதிகளைக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

கோணேசபுரியில் படிக்கும் மாணவி:

என் ஆய்வுக்காக நிலாவெளிக் கரைவலைத் தொழிலாளரை நேர்காணப் போகிறேன். பதிலளிப்பவரின் பெயரை மறைப்பதாக வாக்குறுதி கொடுத்த பிறகு, அவர் சொன்னதைச் சங்கப் பதிவேட்டோடு ஒப்பிடுவது அந்த வாக்கை மீறுவதாகாதா?

ஓய்வுபெற்ற கணக்காய்வு அத்தியட்சகர்:

தங்கச்சி, நாங்கள் பேசுவது கணக்காய்வுக் களப்பணியைப் பற்றி. எங்களால் பெயரை மறைப்பதாக வாக்குக் கொடுக்கவே முடியாது, அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் கேள்விக்கு உங்கள் மேற்பார்வையாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கந்தளாயில் களஞ்சியக் காப்பாளர்:

நான் மேசைக்கு மறுபக்கம் இருந்தவன். ஓர் அலுவலகத்தில் சிங்களம் மட்டும் பேசும் கணக்காய்வாளர் ஒருவர் வந்தபோது, என் மேலதிகாரியே இடையில் நின்று மொழிபெயர்த்தார். "பொருளை வழங்கியதும் பதிவேட்டில் குறிக்கிறீர்களா" என்பது கேள்வி. மேலதிகாரி முகத்தைப் பார்த்து நான் ஓம் என்றேன். இரவில் அவசரமாக வந்து பொருள் எடுப்பவர்களுக்கு அவரே திறப்பை வாங்கிக் கொடுப்பார், நான் மறுநாள்தான் எழுதுவேன். எப்படி வழங்குகிறீர்கள் என்று வேறொருவர் மூலம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இருப்புக் குறைந்தபோது, நான் சொன்ன அந்த "ஓம்" கணக்காய்வு ஐயவினாவில் எனக்கு எதிராக நின்றது.

உவர்மலை வாசி:

இதை வாசித்ததும் எங்கள் பிரிவில் பேசினோம். கேட்கப்படுபவரின் மேலதிகாரியை மொழிபெயர்க்க விடுவதில்லை, இன்னொரு பிரிவிலிருந்து ஒருவரை அழைப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

ஒரு விடயத்தில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. ஆவணங்களை முழுவதும் வாசித்துவிட்டுப் போய்க் கேட்கவேண்டும் என்கிறார் எங்கள் பிரிவுத் தலைவர், எதைக் கேட்பது என்று அப்போதுதான் தெரியுமாம். வாசித்துவிட்டுப் போனால் நம் கேள்விகள் தாமாகவே அந்த ஆவணத்தின் வழியில் போய்விடும், மீட்டர் பழுது வெளியே வந்திராது என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற கணக்காய்வு அத்தியட்சகர்:

இரண்டு விதமாகவும் செய்து, இரண்டிலும் சிலவற்றைத் தவறவிட்ட ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். சாரதி, களஞ்சியக்காரர் போன்றவர்களிடம் முதலில் கேட்பதே எனக்குப் பொருந்தி வந்தது. கணக்காளரிடம் அப்படிப் போனால் அவர் பேரேட்டின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நேரத்தைக் கடத்திவிடுவார், அங்கே வாசித்துவிட்டுத்தான் போவேன். அந்த மூன்றாவது நாளுக்கு அதிகாரியின் பயணப்படிக் கோரிக்கையைப் பார்த்தீர்களா?

உவர்மலை வாசி:

இல்லை ஐயா, அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை கேட்டு எடுக்கிறேன்.